நடுவில் தொய்யும் நாவல்: எதை வெட்டுவது, எதை நகர்த்துவது

கேள்வி: என் முதல் நாவலின் முதல் வரைவை முடித்து மூன்று மாதம் ஆகிறது. சுமார் 80,000 சொற்கள். படித்த நண்பர்கள் மூன்று பேருமே ஆரம்பம் நன்றாக இருக்கிறது, முடிவும் நன்றாக இருக்கிறது, நடுவில்தான் இழுக்கிறது என்கிறார்கள். ஒருவர் பாதியிலேயே நிறுத்திவிட்டார். தேவையில்லாத காட்சிகளை வெட்டலாம் என்று உட்கார்ந்தால் எல்லாமே தேவை என்றுதான் தோன்றுகிறது. எதை வைத்து முடிவு செய்வது?

வெட்டுவதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். எல்லாமே தேவை என்று உங்களுக்குத் தோன்றுவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு காட்சியைத் தனியாக எடுத்துப் படித்தால் அதில் ஏதாவது ஒன்று நன்றாகத்தான் இருக்கும். ஒரு நல்ல உரையாடல், ஊரின் ஒரு வாசனை, ஒரு பாத்திரத்தின் குணம். அதை எழுதிய கைக்கு அது தெரியும், அதனால் விட மனம் வராது. காட்சியைத் தனியாக வைத்துக்கொண்டு இது வேண்டுமா வேண்டாமா என்று கேட்டால் பதில் எப்போதும் ‘வேண்டும்’ என்றுதான் வரும். வரிசையில் வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

என் இரண்டாவது நாவலின் வரைவில் எனக்கும் இதேதான் நடந்தது. அதையே எடுத்துக்கொண்டு விளக்குகிறேன், ஏனென்றால் அதில் எந்தக் காட்சி போனது, எது நகர்ந்தது என்று எனக்கு வரிக்கு வரி தெரியும்.

கதை இதுதான். மலர்விழி சென்னையில் நர்ஸ். அப்பா இறந்ததும் துறையூர் பக்கத்தில் இருக்கும் கிராமத்துக்கு வருகிறாள். கருமாதி முடிந்த கையோடு அண்ணன் சிவா, வீட்டில் அவளுக்குள்ள பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறான். போடுவாளா மாட்டாளா என்பதுதான் நாவல். வரைவு 78,000 சொற்கள், 61 காட்சிகள். படித்த இரண்டு பேர் ஏறக்குறைய 31ஆம் காட்சியில் புத்தகத்தைக் கீழே வைத்தார்கள். நானும் 31ஐயே திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருந்தேன். அது ஒரு தேர்த் திருவிழாக் காட்சி. வாக்கியங்களைச் சுருக்கினேன், வர்ணனையைக் குறைத்தேன், ஒரு சண்டையைக்கூடச் சேர்த்தேன். ஒன்றும் மாறவில்லை. கோளாறு 31இல் இல்லை, 22இல் இருந்தது. வாசகர் அலுத்துப்போவது ஓர் இடத்தில், அலுப்பு தொடங்குவது அதற்கு வெகு முன்னால். பத்துக் காட்சி வரைக்கும் அவர் நம்பிக்கையோடு பொறுத்துக்கொண்டு வருவார். அதனால் உங்கள் நண்பர் நிறுத்திய பக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அந்தப் பக்கத்தில் கைவைக்காதீர்கள். அங்கிருந்து பின்னோக்கி நடக்க வேண்டும்.

அப்படி நடப்பதற்கு ஒரு பட்டியல் வேண்டும். வரைவைத் திறக்காமல் முதலில் நினைவிலிருந்தே எல்லாக் காட்சிகளையும் வரிசையாக எழுதிப் பாருங்கள். நீங்களே மறந்துபோன காட்சிகள் சில இருக்கும். அவற்றின் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள், பின்னால் உதவும். அப்புறம் வரைவை எடுத்து, விட்டுப்போனதை நிரப்புங்கள். ஒரு காட்சிக்கு ஒரு வரிதான். அந்த வரியில் இரண்டு விஷயம் இருந்தால் போதும்: என்ன நடக்கிறது, காட்சி முடியும்போது எது மாறியிருக்கிறது. மாற்றம் என்றால் பெரிய திருப்பம் வேண்டியதில்லை. ஒருத்திக்கு முன்பு தெரியாத ஒன்று தெரிந்திருக்கலாம், ஓர் உறவு ஓர் அங்குலம் நகர்ந்திருக்கலாம், ஒரு கதவு மூடியிருக்கலாம். எதுவும் இல்லையென்றால் ஒரு கோடு போடுங்கள். கோடு போடக் கூச்சப்பட்டு ‘அவளுடைய மனநிலை ஆழமாகிறது’ என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். அந்த மாதிரி வாக்கியம் வந்தாலே அங்கே கோடுதான் என்று அர்த்தம்.

என் பட்டியலில் 22ஆம் காட்சியிலிருந்து இப்படி இருந்தது:

22. வாரிசுச் சான்றுக்காக வி.ஏ.ஓ. அலுவலகம் போகிறாள், அவர் இல்லை. மாற்றம்: —
23. பள்ளித் தோழியோடு டீக்கடை, பழைய கதை. மாற்றம்: —
24. சின்ன வயதில் கிணற்றில் அண்ணன் நீச்சல் கற்றுத்தந்த நினைவு. மாற்றம்: —
25. மறுபடி வி.ஏ.ஓ. அலுவலகம், இன்னொரு காகிதம் கேட்கிறார்கள். மாற்றம்: —
26. கணவனோடு போன். நடந்ததைச் சொல்கிறாள். மாற்றம்: —
27. திருச்சிக்கு பஸ். மாற்றம்: —

எழுதும்போது இந்த ஆறு காட்சிகளும் எனக்கு ஆறு விதமாகத் தெரிந்தன. ஒன்றில் அலுவலகம், ஒன்றில் நட்பு, ஒன்றில் குழந்தைப் பருவம். பட்டியலில் பார்த்தபோதுதான் ஆறும் ஒரே கோடு என்று புரிந்தது. காட்சிகளுக்கு நடுவே ஓர் இணைப்புச் சொல்லைப் போட்டுப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ‘அவர் இல்லை, அப்புறம் தோழியைப் பார்த்தாள், அப்புறம் கிணறு ஞாபகம் வந்தது, அப்புறம் மறுபடி போனாள்.’ இரண்டு காட்சிகளுக்கு நடுவே ‘அதனால்’ அல்லது ‘ஆனால்’ பொருந்தினால் கதை நடக்கிறது. ‘அப்புறம்’ மட்டுமே பொருந்தினால் அவற்றை எந்த வரிசையில் வைத்தாலும் ஒன்றுதான். இரண்டு மூன்று ‘அப்புறம்’ எந்த நாவலிலும் இருக்கும், அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். தொடர்ந்து ஐந்து ஆறு வந்தால் அங்கே கதை நின்றுவிட்டது.

பட்டியல் முடிந்த பிறகு நான் செய்தது ஒரே ஒரு வேலை, அதுதான் எனக்குக் கண்ணைத் திறந்தது. ஒரு சிவப்புப் பேனாவை எடுத்து, மலர்விழி தானாக எடுக்கும் முடிவுகள் எங்கெங்கே வருகின்றன என்று மட்டும் குறித்தேன். அவளுக்கு நேர்பவை கணக்கில் இல்லை. அவள் செய்வது, செய்துவிட்டுத் திரும்பப் பெற முடியாதது, அது மட்டும். முதல் 21 காட்சிகளில் ஐந்து சிவப்புப் புள்ளிகள். 21இல் அண்ணனிடம் “நான் கையெழுத்துப் போட மாட்டேன்” என்கிறாள். அடுத்த புள்ளி 40இல், வக்கீல் நோட்டீஸ் அனுப்பும்போது. நடுவில் 18 காட்சிகள், சுமார் 23,000 சொற்கள், அச்சில் நூறு பக்கம். அந்த நூறு பக்கமும் அவள் காத்திருக்கிறாள், கேட்டுக்கொள்கிறாள், நினைத்துப் பார்க்கிறாள். ஒரு முடிவும் எடுக்கவில்லை. நூறு பக்கம் ஒரு பாத்திரம் எதையும் தீர்மானிக்காமல் இருந்தால், அவளைச் சுற்றி எவ்வளவு சம்பவம் நடந்தாலும் வாசகருக்கு இழுக்கத்தான் செய்யும்.

உங்கள் வரைவிலும் இதைச் செய்து பாருங்கள். இரண்டு முடிவுகளுக்கு நடுவே எங்கே இடைவெளி அதிகமோ அதுதான் நீங்கள் தேடும் இடம். இந்த இடைவெளி இத்தனை சொற்களுக்குள் இருக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. நாவலின் மற்ற பகுதிகளோடு ஒப்பிட்டால் போதும். எனக்கு முன்பாதியில் நாலு காட்சிக்கு ஒரு முடிவு இருந்தது. அந்த நடையைப் பழகிக்கொண்ட வாசகருக்கு 18 காட்சி வறட்சி தாங்காது.

இங்கே பலரும் தவறு செய்வார்கள், நானும் செய்தேன். நடுப்பகுதி தொய்வு என்று தெரிந்ததும் ஒரு விபத்தையோ திருட்டையோ புதுப் பாத்திரத்தையோ கொண்டுவந்து போடுவது. தேர்த் திருவிழாவில் நான் சேர்த்த சண்டை அப்படிப்பட்டதுதான். படிக்கும்போது இரண்டு பக்கம் விறுவிறுப்பு, அதன் பிறகு கதை பழைய இடத்துக்கே திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. வார இதழ் தொடர்களைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் பழக்கம் ரத்தத்திலேயே இருக்கிறது. அத்தியாயத்தின் கடைசி வரியில் கதவு தட்டப்படும், அடுத்த வாரம் வந்தவர் பால்காரர் என்று தெரியும். வாரம் ஒருமுறை படிப்பவருக்கு அது போதும். ஒரே மூச்சில் நாவலைப் படிப்பவருக்கு நாலாவது தடவை அந்தத் தட்டல் கேட்காது.

நடுப்பகுதிக்குத் தேவை புதிய சம்பவம் இல்லை. வாசகர் மனதில் ஓடிக்கொண்டிருக்கும் கேள்வி அங்கே மாற வேண்டும். என் நாவலின் முதல் பாதியில் இருந்த கேள்வி, ‘அவளுக்குப் பங்கு கிடைக்குமா?’ என்பது. 18 காட்சிகளும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தன, பதிலைத் தள்ளிப்போட்டபடி. ஒரு கேள்வியால் 350 பக்கத்தைத் தாங்க முடியாது. ஏறக்குறைய பாதியில் அது வேறொரு கேள்வியாக, இன்னும் கடினமான கேள்வியாக மாற வேண்டும்.

அந்தக் கடினமான கேள்வி என் வரைவிலேயே இருந்தது, தவறான இடத்தில். 47ஆம் காட்சியில் அண்ணி சொல்கிறாள்: மலர்விழியின் நர்சிங் படிப்புக்காக அப்பா இந்த வீட்டை அடமானம் வைத்தார், அண்ணன்தான் பதினோரு வருஷம் கட்டி அதை மீட்டான். முடிவுக்கு முன்னால் வாசகரை அதிரவைக்க வேண்டும் என்று அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். முதல் வரைவில் இது அடிக்கடி நடக்கும். கதையின் மிக வலுவான விஷயத்தைக் கடைசிக்கு என்று சேமித்து வைப்போம், அதன் விலையை நடுப்பகுதி கொடுக்கும். இதை முன்னால் கொண்டுவந்தால் கடைசியில் என்ன இருக்கும் என்று பயந்துதான் அப்படிச் செய்கிறோம்.

நகர்த்துவது எவ்வளவு பெரிய வேலையைச் செய்யும் என்பதற்கு அமெரிக்க எழுத்தாளர் ஃபிட்ஸ்ஜெரால்டின் ‘தி கிரேட் கேட்ஸ்பி’ நாவல் நல்ல சான்று. 1924 நவம்பரில் கையெழுத்துப் பிரதியைப் படித்த பதிப்பாசிரியர் மேக்ஸ்வெல் பெர்க்கின்ஸ், ஆறாம் ஏழாம் அத்தியாயங்களில் லேசான தொய்வு இருப்பதாக ஃபிட்ஸ்ஜெரால்டுக்குக் கடிதம் எழுதினார். அதற்கு என்ன மருந்து என்று தனக்குச் சொல்லத் தெரியவில்லை என்றும் அதிலேயே எழுதினார். அதே கடிதத்தில் இன்னொரு குறையும் இருந்தது: கேட்ஸ்பி உருவம் மங்கலாக இருக்கிறது, அவனுடைய கடந்தகாலம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவந்தால் நல்லது. ஃபிட்ஸ்ஜெரால்ட் அப்போது ரோமில் இருந்தார். அச்சுக்கோத்து வந்த பிழைதிருத்தத் தாள்களிலேயே அந்த அத்தியாயங்களைப் பெரிதாகத் திருத்தி எழுதினார். எட்டாம் அத்தியாயத்தில் மொத்தமாக வந்த கேட்ஸ்பியின் இளமைக் கதையில் ஒரு பகுதியை முன்னால் நகர்த்தி ஆறாம் அத்தியாயத்துக்குள் கொண்டுவந்தார். 1925 ஏப்ரலில் புத்தகம் வந்தது. பெர்க்கின்ஸ் தனித்தனியாகச் சொன்ன இரண்டு குறைகளும் ஒரே இடத்தில் சரியாயின. உங்கள் நண்பர்கள் ‘நடுவில் இழுக்கிறது’ என்பதோடு சேர்த்து வேறு ஏதாவது சொன்னார்களா என்று யோசித்துப் பாருங்கள். ‘அந்த அண்ணன் ஏன் அப்படி நடந்துக்கிறான்னு புரியல’ என்கிற மாதிரி. இரண்டும் ஒரே கோளாறின் இரண்டு முனையாக இருக்கலாம்.

சரி, என் வரைவுக்கு வருகிறேன். 47இல் இருந்த விஷயத்தை 27க்குக் கொண்டுவந்தேன். அண்ணி வாயால் சொல்லவைக்காமல் மலர்விழியே கண்டுபிடிப்பதாக மாற்றினேன், ஏனென்றால் எனக்குத் தேவைப்பட்டது அவளுடைய செயல். அண்ணன் ரகசியமாக வீட்டை வேறு யாருக்காவது எழுதிக் கொடுத்திருப்பானோ என்று சந்தேகப்பட்டு, சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றுக்கு அவளே மனுப் போடுகிறாள். முதல் சிவப்புப் புள்ளி. சான்று வருகிறது. அதில் பழைய அடமானப் பத்திரமும், பதினோரு வருஷம் கழித்துக் கடன் அடைத்த ரசீதும் பதிவாகியிருக்கின்றன. அடமானத் தேதி அவள் கல்லூரியில் சேர்ந்த மாதம். அண்ணனைப் பிடிக்கப் போட்ட வலையில் அவளே மாட்டிக்கொள்கிறாள். இனி கேள்வி ‘பங்கு கிடைக்குமா?’ என்பது இல்லை. ‘தெரிந்த பிறகு பங்கு கேட்க முடியுமா?’

இதற்குப் பிறகு ‘அதனால்’ தானாக வந்தது. சான்றில் இருப்பதைக் கணவனிடம் மறைக்கிறாள், இரண்டாவது புள்ளி. மறைத்ததனால் அவன் இன்னும் தீவிரமாக வக்கீலைப் பார்க்கச் சொல்கிறான். கடன் கொடுத்தவரைத் தேடிப் போய் அண்ணன் மொத்தம் எவ்வளவு கட்டினான் என்று கேட்கிறாள், மூன்றாவது. அந்தத் தொகையில் பாதியை ஏதோ ஒரு சாக்குச் சொல்லி அண்ணனிடம் கொடுக்கப் பார்க்கிறாள், அவன் வாங்க மறுத்துச் சண்டையாகிறது, நான்காவது. நோட்டீஸ் காட்சி பழைய இடத்திலேயே இருந்தது, ஆனால் அதன் எடை மாறிவிட்டது. முதல் வரைவில் கோபத்தில் அனுப்பினாள். இப்போது உண்மையைச் சொல்லாமல் கணவனைத் தடுக்க முடியாது என்பதால், தப்பு என்று தெரிந்தே கையெழுத்துப் போடுகிறாள்.

காலியான 47ஆம் காட்சி என்ன ஆனது என்று கேட்பீர்கள். நான் பயந்ததுதான் நடக்கவில்லை. அந்த இடத்தில், தங்கைக்கு இது முன்பே தெரியும் என்பது அண்ணனுக்குத் தெரியவருகிறது. அவள் தெரிந்துகொண்டுதான் நோட்டீஸ் அனுப்பினாள் என்று புரிந்து, அவன் ஒன்றும் பேசாமல் எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போகிறான். அண்ணி பேசிய நாலு பக்கத்தைவிட அது வலுவாக வந்தது. இரண்டாவது பாதியில் வாசகர் அவளோடு சேர்ந்து ஒரு ரகசியத்தைச் சுமந்துகொண்டு வருகிறார், அந்தச் சுமை இறங்கும் இடம் அது.

இப்போதுதான் வெட்டும் வேலை, அது எளிதாக இருந்தது. புதிய முதுகெலும்பு வந்த பிறகு, அதில் ஒட்டாத காட்சி தானாகத் தெரிந்துவிடும். ஒவ்வொரு காட்சியையும் எடுத்து இப்படிச் சோதித்தேன்: இதை நீக்கிவிட்டு அடுத்த காட்சிகளைப் படித்தால், எந்த வரி புரியாமல் போகிறது? டீக்கடைத் தோழியை நீக்கினேன், ஒரு வரியும் தடுமாறவில்லை. போய்விட்டாள். திருச்சி பஸ்ஸும் போனது. வி.ஏ.ஓ. அலுவலகக் காட்சிகள் மூன்று இருந்தன. மூன்றுமே ‘அலைக்கழிக்கிறார்கள்’ என்ற ஒரே செய்தியைச் சொன்னதால், இரண்டாவது காட்சியில் இருந்த நல்ல பாத்திரத்தையும் மூன்றாவதில் இருந்த நல்ல வசனத்தையும் முதலாவதில் சேர்த்து ஒன்றாக்கினேன். அலைச்சலைக் காட்ட மூன்று தடவை அலையவைக்க வேண்டியதில்லை. ‘மூன்றாவது தடவையாகப் போனபோது’ என்று காட்சியைத் தொடங்கினால் முதல் இரண்டும் அதிலேயே அடங்கிவிடும்.

கணவனோடு போன் பேசும் காட்சிகள் நாலு. அவற்றை ஒன்றாக்கியதைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன். பழைய 26 இப்படித் தொடங்கியது:

“காலையில் மலர்விழி எழுந்தபோது வெயில் முற்றத்துக்கு வந்துவிட்டிருந்தது. அண்ணி வைத்துவிட்டுப் போன காப்பி ஆறியிருந்தது. சூடு பண்ணிக் குடித்தாள். குளித்துவிட்டு வந்து, ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே போனை எடுத்துப் பார்த்தாள். அவன் இரண்டு தடவை கூப்பிட்டிருந்தான். என்ன சொல்வது என்று யோசித்தாள். பிறகு கூப்பிட்டாள்.
‘எப்படி இருக்க?’
‘நல்லா இருக்கேன். பாப்பா சாப்பிட்டாளா?’
‘சாப்ட்டா. அங்க என்னாச்சு?’
நேற்று அலுவலகத்தில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.”

இதில் பொய்யான வரி எதுவும் இல்லை. மோசமான வாக்கியமும் இல்லை. ஆனால் எழுந்ததும் காப்பியும் குளியலும், நான் அந்தக் காட்சிக்குள் நுழைவதற்காகச் செய்துகொண்ட உடற்பயிற்சி. முதல் வரைவில் எழுதுபவருக்கு அது தேவைப்படும், வாசகருக்குத் தேவையில்லை. கடைசி வரி இன்னும் மோசம்: வாசகர் ஏற்கெனவே நேரில் பார்த்ததை அவள் இன்னொருவருக்குச் சொல்கிறாள். நிரப்புக் காட்சியை அடையாளம் காண இது உறுதியான அறிகுறி. தெரிந்ததைத் தெரியாதவருக்குச் சொல்வதற்காகவே ஒரு காட்சி இருந்தால், அது போகலாம். திருத்திய பிறகு:

“‘வில்லங்கம் போட்டியே, வந்துடுச்சா?’ என்றான்.
சான்று அவள் மடியில்தான் இருந்தது. இரண்டாம் பக்கத்தில் அண்ணன் பெயர்.
‘இன்னும் வரல,’ என்றாள். ‘திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க.’”

காட்சி இப்படித்தான் தொடங்குகிறது, இன்னும் ஆறேழு வரியில் முடிந்தும்விடுகிறது. பாப்பா சாப்பிட்டாளா என்ற கேள்வியைக் கடைசியில் வைத்தேன், பேச்சை மாற்றுவதற்காக அவள் கேட்பதாக. ஆரம்பத்தில் சம்பிரதாயமாக இருந்த அதே வரி அங்கே ஒரு பொய்யை மூடுகிறது.

தேர்த் திருவிழாதான் வலித்தது. 2,100 சொற்கள். வடம் பிடிப்பவர்களின் உள்ளங்கை, சக்கரத்துக்குக் கட்டை போடுபவரின் கூச்சல், எல்லாம் நான் நேரில் பார்த்துக் குறிப்பெடுத்தவை. நாலு நாள் விட்டுப் பிடித்துப் பார்த்தேன். நீக்கினால் அடுத்து வரும் எந்த வரியும் தடுமாறவில்லை என்பதுதான் ஒவ்வொரு தடவையும் பதில். கடைசியில், கட்டை போடுபவர் மட்டும் நாவலில் மிஞ்சினார், கடன் கொடுத்தவர் வீட்டுக்கு வழி காட்டுகிறவராக, இரண்டு வரியில். மற்றதை ‘வெட்டியவை’ என்று ஒரு தனிக் கோப்பில் போட்டேன். நீங்களும் அப்படி ஒரு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். அழித்துவிட்டோம் என்ற எண்ணம் இல்லாவிட்டால் கை தைரியமாக வெட்டும்.

கிணற்று நினைவு போகவில்லை, இடம் மாறியது. 24இல் அது யாரும் கேட்காத கேள்விக்குப் பதிலாக இருந்தது. வில்லங்கச் சான்றைப் பார்த்த அன்று இரவு அவளுக்கு அது நினைவு வருவதாக மாற்றியதும், ‘இவன் ஏன் என்னிடம் சொல்லவே இல்லை?’ என்ற கேள்வியின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. தண்ணீருக்குள் அவளுக்குத் தெரியாமல் கையைக் கொடுத்துத் தாங்கியவன்தானே அவன். ஒரு சொல்லும் மாற்றாமல், இடம் மாறியதாலேயே அதற்கு அர்த்தம் வந்தது. கடந்தகாலக் காட்சிகளை வெட்டுவதற்கு முன்னால் இதை ஒருமுறை முயன்று பாருங்கள்: வாசகருக்கு அந்தக் கடந்தகாலம் எப்போது தேவைப்படும்?

அதே சமயம் அமைதியான காட்சியெல்லாம் நிரப்புக் காட்சி என்று நினைத்துவிடாதீர்கள். 30இல் அண்ணியும் மலர்விழியும் மாவாட்டுகிறார்கள். இருபது வரிக்கு மேல் பேச்சே இல்லை. வெளியே பார்த்தால் ஒன்றுமே நடக்காத காட்சி. ஆனால் அதுவரை அவளைத் தொடவிடாத கிரைண்டரை அண்ணி அன்றைக்கு அவளிடம் விட்டுவிட்டு உப்பு எடுக்கப் போகிறாள். உறவு ஓர் அங்குலம் நகர்ந்துவிட்டது. அது இருந்தாக வேண்டிய காட்சி. கடுமையான ஒன்று நடந்த பிறகு வாசகருக்கும் பாத்திரத்துக்கும் அது மனதில் இறங்க ஓர் இடம் வேண்டும். வேகம் வேகம் என்று அதையும் வெட்டினால் நாவல் கதைச் சுருக்கம் மாதிரி ஆகிவிடும். முதல் சுற்றில் நான் அதையும் வெட்டினேன். அடுத்து வந்த சண்டைக் காட்சி திடீரென்று கத்துவது போல இருந்ததால் திருப்பி வைத்தேன். வெட்டியதும் அடுத்த காட்சி காரணமில்லாமல் சத்தமாகத் தெரிந்தால், வெட்டியது ஓய்வுக் காட்சி என்று புரிந்துகொள்ளுங்கள்.

மொத்தக் கணக்கைச் சொல்கிறேன். அந்த 18 காட்சிகளில் ஆறு முழுதாகப் போயின. ஏழு காட்சிகள் இரண்டாகச் சுருங்கின. ஐந்து இருந்தன, அவற்றில் சில இடம் மாறின. புதிதாக எழுதியவை இரண்டே இரண்டு: வில்லங்கச் சான்று, கடன் கொடுத்தவர் வீடு. 18 காட்சி ஒன்பது ஆனது. 23,000 சொற்கள் ஏறக்குறைய 12,000 ஆயின. வாக்கியத் திருத்தம் எதுவும் இதில் சேரவில்லை, இதெல்லாம் முடியும்வரை வாக்கியத்தைத் தொடவே கூடாது. மெருகேற்றிய பிறகு ஒரு காட்சியை வெட்ட யாருக்கும் மனசு வராது.

வெட்டி ஒட்டியதும் தையல் தெரியும், அதற்குத் தனியாக ஒரு வாசிப்பு வேண்டும். எனக்கு வந்த கோளாறுகள்: டீக்கடைத் தோழி போய்விட்டாள், ஆனால் 52இல் மலர்விழி அவளுக்கு போன் செய்தாள். வெட்டிய காட்சியில் மட்டும் சொல்லப்பட்ட அண்ணன் மகனின் பெயர், அறிமுகமே இல்லாமல் நடுவில் வந்து நின்றது. ‘திங்கக்கிழமை’ என்றவள் அடுத்த காட்சியில் சனிக்கிழமை போனாள். எல்லாவற்றையும்விடப் பெரியது, உண்மை தெரிந்த பிறகும் தெரியாதவள் போல அவள் நினைத்த வரிகள். ஒரு விஷயத்தை முன்னால் நகர்த்தினால், பழைய இடத்துக்கும் புதிய இடத்துக்கும் நடுவில் இருக்கும் அவளுடைய ஒவ்வொரு எண்ணமும் பொய்யாகிவிட வாய்ப்பு உண்டு. நீக்கிய பாத்திரங்களின் பெயர்களை Ctrl+F போட்டுத் தேடலாம். எண்ணங்களை அப்படித் தேட முடியாது. அந்தப் பகுதியை அச்செடுத்து, சத்தமாக, ஒரே மூச்சில் படித்தேன். இருபதுக்கு மேல் அப்படிப்பட்ட வரிகள் கிடைத்தன.

அதற்கப்புறம் ஒரு புது வாசகரைத் தேடுங்கள். பழைய நண்பர்களுக்குக் கதை தெரியும், அவர்களால் இனி உதவ முடியாது. புதியவரிடம் கருத்துக் கேட்க வேண்டாம். படிப்பதை எங்கெங்கே நிறுத்தினார் என்று மட்டும் பக்கத்தில் தேதியும் நேரமும் குறிக்கச் சொல்லுங்கள். எனக்குப் படித்துத் தந்தவர் முதல் வரைவின் நடுப்பகுதியைப் படித்தவர்களைவிட அதிகம் புகழவில்லை. ஆனால் அவர் பிரதியில் 24ஆம் காட்சிக்கும் 36ஆம் காட்சிக்கும் நடுவே ஒரு குறிப்பும் இல்லை, 36க்குப் பக்கத்தில் மட்டும் பென்சிலில் ‘இரவு 1.40’ என்று எழுதியிருந்தார்.